18-க்கு 5: ரயில் கணக்கில் வேகத்தை மாற்றும் குழப்பம்

"ரயில்வே என்.டி.பி.சி. தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். ரயில் கணக்கு வந்தால் 5/18-ஆல் பெருக்குவதா, 18/5-ஆல் பெருக்குவதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். 82, 46 போன்ற எண்கள் வந்தால் தசமப் புள்ளியிலேயே நேரம் போய்விடுகிறது. ஒரு பயிற்சி மையத்தில் ரயில் கணக்குக் குறுக்குவழிப் புத்தகம் 1,500 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?"
— வாசகி, விருதுநகர்

வாங்க வேண்டாம். அந்த 1,500 ரூபாயில் நீங்கள் வாங்கப்போவது ஒரே ஒரு வரி. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 5 மீட்டர்.

18 கிலோமீட்டர் என்பது 18,000 மீட்டர். ஒரு மணி நேரம் என்பது 3,600 வினாடி. வகுத்தால் 5. இந்த ஒரு சோடி மனத்தில் இருந்தால் 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20, 90-க்கு 25, 108-க்கு 30 என்று மற்றவை வாய்ப்பாடு போல் வந்து விழும். எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்ற குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. வினாடிக் கணக்குக்கு வரும்போது எண் சிறுக்க வேண்டும். 18 என்பது 5 ஆகிறது அல்லவா? ஆகவே சிறிய எண் மேலே, 5/18. திரும்பிப் போகும்போது எண் பெரிதாக வேண்டும், 18/5.

போட்ட விடை சரியா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. வினாடி வேகம் மணி வேகத்தில் கால் பங்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். 72-இல் கால் பங்கு 18. விடை 20. சரி. தவறிப்போய் 18/5-ஆல் பெருக்கியிருந்தால் 259 வந்திருக்கும். வினாடிக்கு 259 மீட்டர் என்பது மணிக்கு 900 கிலோமீட்டருக்கும் மேல். அது ஜெட் விமானத்தின் வேகம். நம் ஊர்த் தண்டவாளத்தில் அப்படி எதுவும் ஓடவில்லை.

இனி 82, 46 பற்றி. நீங்கள் தடுமாறுவது எங்கே என்று எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 130 மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு 82 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் 170 மீட்டர் நீளமுள்ள ரயில் 46 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வேகமான ரயில் மெதுவானதை முழுவதுமாகக் கடக்க எத்தனை வினாடி?

கேள்வியில் கிலோமீட்டரைக் கண்டவுடன் 82-ஐ மாற்ற ஆரம்பிப்பீர்கள். 22.77 என்று நீளும். பிறகு 46-ஐ மாற்றுவீர்கள். 12.77. இரண்டையும் கழித்தால் 10 என்று வருவதற்குள் ஒரு நிமிடம் போயிருக்கும். அவசரப்படாமல் முதலில் கழியுங்கள். 82-இல் 46 போனால் 36. 36-க்கு 10 என்று ஏற்கெனவே தெரியும். இரண்டு ரயிலின் நீளமும் சேர்ந்து 300 மீட்டர். 300-ஐ 10-ஆல் வகுத்தால் 30 வினாடி. தசமப் புள்ளி எங்குமே வரவில்லை. எதிரெதிர்த் திசையில் வந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். அப்போதும் கூட்டிய பிறகு ஒரே ஒரு முறை மாற்றினால் போதும்.

கேள்வி தயாரிப்பவரும் மனிதர்தான். விடை முழு எண்ணாக வர வேண்டும் என்பதற்காக எங்காவது ஓரிடத்தில் 18-இன் மடங்கை ஒளித்து வைத்திருப்பார். ரயிலின் வேகத்தில் இல்லை என்றால் கூட்டலிலோ கழித்தலிலோ இருக்கும். அங்கேயும் இல்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் ஒரு கம்பத்தை 18 வினாடியில் கடக்கிறது, ரயிலின் நீளம் என்ன என்று கேட்டால் 67-ஐ மாற்ற உட்காராதீர்கள். 67 × 5/18 × 18 என்று எழுதினாலே 18 அடிபட்டுப் போகிறது. 67 ஐந்து 335 மீட்டர். 5/18-ஐப் பின்னமாகவே கடைசி வரை வைத்திருங்கள். 0.28 என்று தசமமாக்கி வைத்துக்கொண்டால் அடிபட வேண்டியது அடிபடாது, விடையும் 337.68 என்று இரண்டரை மீட்டர் பிசகிவிடும்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஒன்றை ஒரு மாணவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ரயில் கம்பத்தைக் கடந்தால் ஒரு சூத்திரம், மனிதனைக் கடந்தால் வேறொன்று, நடைமேடைக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, சுரங்கப்பாதைக்கு ஒன்று. நடைமேடைக்கும் பாலத்துக்கும் கணக்கில் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் நீளம் உண்டு, அவ்வளவுதான். ஒரே விஷயத்தை ஐந்தாக வெட்டி ஐந்து விலைக்கு விற்கிறார்கள். போதாக்குறைக்கு ஒரு பக்கத்தில் 5/18 தலைகீழாக அச்சாகியிருந்தது. அந்த மாணவர் அதை அப்படியே மனப்பாடம் செய்திருந்தார். "சார், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது?" என்று கேட்டார். கோபப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. "கணக்கெல்லாம் எதற்கு, ஆளைத் தெரியும், வேலையை வாங்கித் தருகிறோம்" என்று இலட்சக்கணக்கில் கேட்பவர்கள். தேர்வு கணினி வழியில் நடக்கிறது, தேர்ச்சி மதிப்பெண் அடிப்படையில் மட்டுமே, இடைத்தரகர்களை நம்பாதீர்கள் என்று ரயில்வே தேர்வு வாரியமே அறிவிப்பில் எச்சரிக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒருவருக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.

ஆனால் தரகர்கள் முளைக்க வாரியமும் ஒரு காரணம் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019-இல் அறிவித்த என்.டி.பி.சி. தேர்வின் முதல் கட்டம் அந்த ஆண்டு ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடக்கும் என்றார்கள். தொடங்கியது 2020 டிசம்பர் 28-இல். கொரோனாவைக் காரணம் காட்டலாம். ஆனால் கொரோனா வருவதற்கு முன்பே அந்தச் செப்டம்பர் கடந்து போயிருந்தது. விண்ணப்பித்தவரை இத்தனை காலம் காக்க வைத்துவிட்டு, தேர்வு அறையில் 100 கேள்விக்கு 90 நிமிடம் தருகிறார்கள். ஒரு கேள்விக்கு 54 வினாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழித்தும் விடுகிறார்கள். ஆகவே வேகத்தை மாற்றுவதற்கு ஐந்து வினாடிக்கு மேல் செலவழிக்க உங்களுக்கு வசதி இல்லை.

மாற்றவே கூடாத ஓர் இடமும் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 5/18-ஐ நன்றாகப் பழகியவர்கள்தான் அங்கே சறுக்குகிறார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் ரயில்களுக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். நடுவே மேலெழும்பும் தூக்குப் பகுதியில் அதைவிடக் குறைவு. கணக்குக்காகப் பாலம் சரியாக 2 கிலோமீட்டர் என்றும், முழுவதும் 75-இலேயே போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 20 பெட்டியும் என்ஜினும் சேர்ந்த ரயில் ஏறத்தாழ 500 மீட்டர் இருக்கும். பாலத்தைக் கடக்க எத்தனை நிமிடம்?

பழக்க தோஷத்தில் 75-ஐ 5/18-ஆல் பெருக்கினால் 125/6 வரும். பாலத்தை 2,000 மீட்டராக்கி, ரயிலைச் சேர்த்து 2,500 என்று எழுதி, அதை 125/6-ஆல் வகுத்தால் 120 வினாடி. அதை மறுபடி நிமிடமாக்க வேண்டும். தவறில்லை, ஆனால் மூக்கைச் சுற்றித் தொடுகிறோம். பாலம் கிலோமீட்டரில் இருக்கிறது, விடை நிமிடத்தில் கேட்கிறார்கள். மணிக்கு 75 என்றால் 60-ஆல் வகுத்து நிமிடத்துக்கு ஒன்றே கால் கிலோமீட்டர். ரயிலின் 500 மீட்டரை அரை கிலோமீட்டராக்கிச் சேர்த்தால் மொத்தம் இரண்டரை. ஒன்றே காலின் இருமடங்குதான் இரண்டரை. 2 நிமிடம்.

இங்கே மாற்ற வேண்டியது வேகத்தை அல்ல, ரயிலின் நீளத்தை. அதை மறந்து 2-உடன் 500-ஐக் கூட்டி 502 என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே கேள்வியைப் படித்தவுடன் கை பென்சிலுக்குப் போகும் முன் கண் விடைகளுக்குப் போகட்டும். விடை வினாடியிலோ மீட்டரிலோ இருந்தால் 18-க்கு 5. தூரம் கிலோமீட்டராகவும் நேரம் நிமிடமாகவும் இருந்தால் 60-ஆல் வகுத்தால் போதும்.

திரும்பிப் போகும் கணக்கு, அதாவது வினாடி வேகத்திலிருந்து மணி வேகம், இன்னும் எளிது. 4-ஆல் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 15 என்றால் 60, அதில் 6 போக 54. இது தோராயம் அல்ல, 18/5 என்பதும் 3.6 என்பதும் ஒன்றுதான். 17.5 வந்தாலும் பயமில்லை: 70, அதில் 7 போக 63.

இதை வைத்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு ரயில் கம்பத்தை 10 வினாடியிலும் 200 மீட்டர் நடைமேடையை 18 வினாடியிலும் கடக்கிறது. வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? தன் நீளத்தைக் கடக்க ரயிலுக்கு 10 வினாடி ஆகிறது. மீதி 8 வினாடி நடைமேடைக்கு. 200-ஐ 8-ஆல் வகுத்தால் 25. நான்கால் பெருக்கி 100, பத்து போக 90. விடைகளில் 90 இருக்கும். கூடவே 40 இருக்கும். அது ரயிலின் நீளத்தை மறந்து 200-ஐ 18-ஆல் வகுத்தவருக்கு. 72 இருக்கும், அது 10-ஆல் வகுத்தவருக்கு. 25-உம் இருக்கும், கடைசிப் படியை மறந்தவருக்காக.