சன் ஃபிலிம் ஒட்டிய பிறகு ஃபாஸ்டேக் படிக்கவில்லையா? ஃபிலிமை உரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன்னால் காரின் முன் கண்ணாடிக்கு வெயில் தாங்கும் ஃபிலிம் ஒட்டினேன். ஒட்டும்போது பழைய ஃபாஸ்டேக் கிழிந்துவிட்டதால் புது டேக் வாங்கி ஃபிலிம் மேலேயே ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே டேஷ்கேம். இப்போது சென்னை–திருச்சி சாலையில் பல டோல்கேட்களில் டேக் படிக்கவில்லை, முன்னே பின்னே நகர்த்தச் சொல்கிறார்கள். கேமராவிலும் ஜிபிஎஸ் பிடிக்க ரொம்ப நேரம் ஆகிறது. டேக் கோளாறா, ஃபிலிம் கோளாறா? முழுவதையும் உரிக்க வேண்டுமா?

பதில்: டேக், ஜிபிஎஸ் இரண்டும் ஒரே நேரத்தில் தகராறு செய்வதால் ஃபிலிம் மேல்தான் முதல் சந்தேகம் வருகிறது. ஆனாலும் கத்தியை எடுப்பதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை.

அடுத்த முறை டேக் படிக்காமல் நின்றால், ஊழியரிடம் கை ரீடரை எடுத்துவரச் சொல்லுங்கள். அதைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்தால் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். கை ரீடரில் எண் வந்து, பிளாக்லிஸ்ட் என்றோ பேலன்ஸ் இல்லை என்றோ காட்டினால், அது வங்கிக் கணக்கு விவகாரம்; ஃபிலிமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எண் வந்து கணக்கும் சரியாக இருந்து, மேலே உள்ள ரீடருக்கு மட்டும் எட்டவில்லை என்றால் சிக்னல் வழியில் அடைபடுகிறது. கை ரீடரை ஒட்டிப் பிடித்தும் ஒன்றும் வரவில்லை என்றால் டேக்கே செத்திருக்கலாம், அல்லது உலோக ஃபிலிம் அதை முழுவதும் அமுக்கியிருக்கலாம். வீட்டில் செல்போனால் டேக்கைப் படித்துப் பார்க்க முயல வேண்டாம். போனில் இருக்கும் என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ஃபாஸ்டேக் 865–867 மெகாஹெர்ட்ஸில். நல்ல டேக்கும் அதில் பதில் சொல்லாது.

ஒரே ஒரு டோல்கேட்டில் மட்டும் தகராறு என்றால் அங்குள்ள ரீடரைச் சந்தேகிக்கலாம். உங்களுக்குப் பல இடங்களில் நடக்கிறது.

இனி, ஃபிலிம் எப்படித் தடுக்கிறது என்பது. ஃபாஸ்டேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டிய கோடுகளும், நடுவில் கடுகை விடச் சின்ன ஒரு சிப்பும் தெரியும். பேட்டரி கிடையாது. மேலே உள்ள ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அந்தக் கோடுகள் மின்சாரத்தை உறிஞ்சி, சிப்பை எழுப்புகின்றன. சிப் விழிக்கத் தேவையான அளவு சக்தி வந்து சேராவிட்டால் டேக் வாயே திறக்காது. "கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறது" என்ற நிலை இங்கே குறைவு. படிக்கும், அல்லது படிக்காது.

வெயிலைத் தடுக்கும் ஃபிலிம்களில் ஒரு வகைக்கு உள்ளே நூலிழையை விட மெல்லிய உலோகப் படலம் உண்டு. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதே படலம் ரேடியோ அலையையும் திருப்பி அனுப்புகிறது. தூரக் கணக்கு இப்படிப் போகும்: டேக்குக்கு வந்து சேரும் சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் படிக்கும் தூரம் பாதியாகும். எட்டு மீட்டரில் படித்த டேக் நான்கு மீட்டருக்கு வந்துவிடும். நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு தூரம், அதாவது 80 சென்டிமீட்டர். மேலே தொங்கும் ரீடருக்கும் உங்கள் கண்ணாடிக்கும் இடையே எப்போதும் அதைவிட அதிக இடைவெளி இருக்கும். கை ரீடர் மட்டும் ஏன் படிக்கிறது என்பது இதிலிருந்தே புரியும்.

டேக்கை முதலில் கண்ணாடியில் ஒட்டிவிட்டு அதன் மேல் ஃபிலிம் ஒட்டினால் சரியாகிவிடும் என்று சில கடைகளில் சொல்வார்கள். ஃபிலிம் உலோக வகை என்றால் இது சரியாகாது. ரீடருக்கும் டேக்குக்கும் நடுவில் ஃபிலிம் இல்லைதான். ஆனால் டேக்கின் முதுகில் உலோகத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆன்டெனாவை உலோகத்தின் மேல் படுக்கவைத்தால் அதன் அலைவரிசைப் பொருத்தமே குலைந்துவிடும். பின்னால் ஃபிலிமை உரிக்கும்போது டேக்கும் கிழியும்.

உங்கள் ஃபிலிம் உலோக வகையா, உலோகப் படலம் இல்லாத நானோ செராமிக்கா என்பதைப் பில்லை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். போனில் GPSTest என்ற ஆப்பைப் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், இஞ்சினையும் டேஷ்கேமையும் அணைத்துவிட்டு நில்லுங்கள். காருக்கு வெளியே போனைப் பிடித்து, வலுவான நான்கைந்து செயற்கைக்கோள்களின் சிக்னல் வலுவைக் காட்டும் C/N0 எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 40-க்கு மேல் இருந்தால் நன்று. பிறகு உள்ளே போய், டேஷ்கேம் இருக்கும் இடத்தில் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து ஒரு நிமிடம் பொறுத்து அதே செயற்கைக்கோள்களைப் பாருங்கள். வெறும் கண்ணாடியிலும் எண்கள் கொஞ்சம் குறையும், கார்க் கூரை மறைக்கும் திசையில் உள்ளவை கூடுதலாகவே குறையும். முன்பக்க வானத்தில் இருப்பவையும் சேர்ந்து 10, 15 எனச் சரிந்தால் ஃபிலிமில் உலோகம் இருக்கிறது. அந்த எண்ணில் 10 குறைவு என்றால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்.

இப்போது டேஷ்கேமை மட்டும் ஆன் செய்து மறுபடி பாருங்கள். அணைத்திருந்தபோது நன்றாக இருந்து, ஆன் செய்ததும் எண்கள் விழுந்தால் குற்றவாளி ஃபிலிம் இல்லை. கேமராவோ, லைட்டர் சாக்கெட்டில் செருகிய மலிவான சார்ஜரோ இரைச்சல் கிளப்புகிறது. கேமராவோடு வந்த சார்ஜரைப் போட்டுப் பார்த்து, ஒயரில் ஒரு ஃபெரைட் கிளிப் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். எஃப்எம் ரேடியோவில் கேமரா ஓடும்போது மட்டும் கரகரப்பு வந்தால் அதுவும் இதே நோய்தான்.

சோதனையில் உலோகம் இல்லை என்று தெரிந்தால் ஃபிலிமை விட்டுவிடுங்கள். புது டேக் வாங்கி, கேமராவிலிருந்து தள்ளி ஒட்டினாலே போதும்.

உலோகம்தான் என்றால், முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. மேல் விளிம்பின் நடுவில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால், ஒரு ஜன்னல் வெட்டினால் டேக், கேமரா, ஜிபிஎஸ் மூன்றுக்கும் வழி கிடைக்கும். அளவில் கஞ்சத்தனம் கூடாது. டேக்கின் அளவுக்கே வெட்டிவிட்டு "வெட்டியும் படிக்கவில்லை" என்று வருபவர்கள் அதிகம். ஃபாஸ்டேக் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். உலோகத்தில் உள்ள துவாரம் அதில் பாதியாவது, அதாவது 17 சென்டிமீட்டராவது, நீளம் இருந்தால்தான் அலை தாராளமாக நுழையும். டேக் ஏறக்குறைய 10, கேமரா 8, நடுவில் இடைவெளி 12, இரு ஓரத்திலும் 5 என்று கூட்டினால் 40 சென்டிமீட்டர் அகலம் வருகிறது. உயரம் 12 வைத்துக்கொள்ளுங்கள். இது மிரரை ஒட்டிய பகுதி என்பதால் உங்கள் முகத்தில் படும் வெயில் அதிகமாகாது.

வெட்டுவதை ஃபிலிம் கடைக்காரரிடமே கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். காகிதத்தில் அச்சு வெட்டி வெளிப்பக்கத்தில் ஒட்டி அளவு பார்க்க வேண்டும். புது பிளேடால், ஃபிலிமின் கனம் அறுபடும் அளவுக்கு மட்டும், லேசாக ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்ல நகர்த்திச் சூடாக்கி உரிக்க வேண்டும். குளிர்ந்த முன் கண்ணாடியை ஓரிடத்தில் மட்டும் சூடேற்றினால் விரிசல் விடும். மிச்சப் பசையை சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் தகடும் கொண்டு எடுத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட வேண்டும். மழை சென்சாரோ, லேன் பார்க்கும் கேமராவோ அங்கே இருந்தால் அவற்றின் மேல் எதுவும் படக்கூடாது.

இப்போதுள்ள டேக்கை எடுத்து ஒட்ட முடியாது. எடுத்தால் ஆன்டெனா அறுந்துவிடும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். வங்கியில் மாற்று டேக் வாங்குங்கள். மிரருக்குப் பின்னால் கொஞ்சம் ஓட்டுநர் பக்கமாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி ஒரே தடவையில் ஒட்டுங்கள். ஒட்டாமல் கையில் தூக்கிக் காட்டும் பழக்கம் வேண்டாம்: கண்ணாடியில் ஒட்டாத டேக்குக்கு இரட்டைக் கட்டணம் என்று 2024 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது; 2025 ஜூலையில் அப்படிப்பட்ட டேக்குகளைப் பிளாக்லிஸ்ட் செய்யவும் உத்தரவிட்டது.

டேஷ்கேம் மிரருக்கு இடப்பக்கம், ஜன்னலின் மறு முனையில் போகட்டும். வைப்பர் துடைக்கும் வளைவுக்குள் லென்ஸ் வருகிறதா என்று தண்ணீர் அடித்துப் பாருங்கள். கேமராவை ஃபிலிம் மேல் ஒட்டினால் வெயிலில் அதன் எடை ஃபிலிமையே இழுத்து உரித்துவிடும். இரவில் நம்பர் பிளேட்டும் மங்கலாகும். வெறும் கண்ணாடியில் ஒட்டினால் இரண்டும் இல்லை. ஒயரை ஓரத் தூணுக்குள் இறக்கும்போது கர்ட்டன் ஏர்பேக்குக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். முன்னால் குறுக்கே போனால் பை விரியும்போது ஒயர் தடுக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். முன் கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் வர வேண்டும், பக்கக் கண்ணாடிக்கு 50. உச்ச நீதிமன்றம் 2012-ல் ஃபிலிமையே தடுத்தது. 2021 ஏப்ரலில் விதி திருத்தப்பட்ட பின், இந்த அளவுக்குள் ஃபிலிம் அனுமதி உண்டு என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் கூறியது. இதில் பலர் ஏமாறுவது கணக்கில். அந்த 70 ஃபிலிமுக்கு இல்லை, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து. உங்கள் கண்ணாடி மட்டும் 78 சதவீதம் விடுகிறது என்று வையுங்கள். "70 ஃபிலிம்" ஒட்டினால் மொத்தம் 55-க்குக் கீழே போய்விடும். 90 விடும் ஃபிலிம் ஒட்டினால்தான் 70-ஐத் தொடும். கடைக்காரரிடம் மீட்டர் வைத்து ஃபிலிமோடு சேர்த்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் வெட்டப் போகும் அன்றே அதையும் பார்த்துவிடலாம்.