முதலில் எதை அடைப்பது: வட்டி அதிகமுள்ள கடனையா, சின்னக் கடனையா?

கேள்வி: வீட்டுச் செலவு போக மாதம் 18,000 ரூபாய் கடனுக்கு ஒதுக்க முடிகிறது. கிரெடிட் கார்டில் 90,000 (மாதம் 3.5% வட்டி, மினிமம் 4,500 மட்டும் கட்டி வருகிறேன்), பெர்சனல் லோன் 1,50,000 (15%, இஎம்ஐ 5,200), பைக் லோன் 18,000 (12%, இஎம்ஐ 2,000), மனைவியின் வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன் 36,000 (10%, மாத வட்டி 300). ஆபீஸ் நண்பர் வட்டி அதிகமுள்ள கார்டை முதலில் முடி என்கிறார். மச்சான், சின்னக் கடன்களை முடித்து வளையலை மீட்டுவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நண்பர் சொல்வதற்கு ‘அவலாஞ்ச்’ என்று பெயர், அதாவது பனிச்சரிவு. மச்சான் சொல்வது ‘ஸ்நோபால்’, பனிப்பந்து. பனியையே பார்க்காத ஊரில் இந்தப் பெயர்கள் ஒட்டாவிட்டாலும், நம் வீடுகளில் இந்த இரண்டு கட்சிகளும் எப்போதும் உண்டு. இரண்டிலும் எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவதை ஒரே கடனில் கொட்டுகிறோம். அந்த ஒரு கடன் எது என்பதில்தான் சண்டை.

உங்களுக்குக் கட்டாயத் தொகை எல்லாம் சேர்த்து 12,000 ஆகிறது. மிஞ்சுவது 6,000. இந்த ஆறாயிரத்தை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் கார்டைப் பார்ப்போம். மாதம் 3.5% என்பதோடு அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும் சேரும். ஆக மாதம் 4.13%, வருடத்துக்கு ஏறக்குறைய 50%. 90,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 3,717. நீங்கள் கட்டும் 4,500-ல் அசலில் கழிவது வெறும் 783 ரூபாய். இன்னொன்று: பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாகத் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள், 50 நாள் வட்டியில்லாக் காலம் என்பது முழு பில்லையும் கட்டுகிறவர்களுக்குத்தான். ஆகவே எந்த வழியில் போனாலும் கார்டை இன்றே பர்ஸிலிருந்து எடுத்துவிடுங்கள்; போனில் பதிந்து வைத்திருக்கும் ஷாப்பிங் ஆப்களிலிருந்தும் நீக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் கீழே உள்ள கணக்கு எதுவும் நிற்காது.

உங்கள் எண்களை மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு கடன் முடிந்தால் அதன் தவணைப் பணம் அடுத்ததற்குப் போகும், மொத்தம் எப்போதும் 18,000 என்று வைத்துக்கொண்டேன். நண்பர் வழியில் கார்டு 11-ஆம் மாதம் முடிகிறது, எல்லாம் முடிய 20 மாதம், மொத்த வட்டி சுமார் 53,000. மச்சான் வழியில் பைக் 3-ஆம் மாதமும் வளையல் 7-ஆம் மாதமும் முடிந்துவிடுகின்றன. ஆனால் கார்டு 15-ஆம் மாதம்வரை இழுக்கிறது. எல்லாம் முடிய 21 மாதம், வட்டி சுமார் 69,000. வித்தியாசம் 16,000 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் நண்பர் ஜெயித்துவிட்டார் என்று முடித்துவிடலாம். ஆனால் அந்த 16,000 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது.

பைக்கை மட்டும் முதலில் முடித்துவிட்டு உடனே கார்டுக்குத் தாவினால் என்ன ஆகும்? பைக் 3-ஆம் மாதம் முடிகிறது. அதன் 2,000 ரூபாய் இஎம்ஐயும் சேர்ந்து கார்டுக்கு மாதம் 12,500 போகிறது. கார்டு முடிவது அதே 11-ஆம் மாதம்தான்! கூடுதல் வட்டி 3,000 ரூபாய்க்குள். பைக் லோன் சின்னது என்பதால் கார்டு சில வாரங்கள்தான் காத்திருக்கிறது. ஆக பெரிய நஷ்டம் பைக்கால் வரவில்லை. 10% வட்டியுள்ள நகைக்கடனை 50% வட்டியுள்ள கார்டுக்கு முன்னால் நிறுத்துவதால் வருகிறது.

சரி, மூன்றாயிரம் ரூபாய் கொடுத்து பைக்கை ஏன் முதலில் முடிக்க வேண்டும்? மனசுக்காகத்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் எக்ஸெல் ஷீட் போட்டு, வட்டி வாரியாக அடுக்கி, மிகச் சரியாக அவலாஞ்ச் செய்துகொண்டிருந்தார். ஐந்தாவது மாதம் விட்டுவிட்டார். காரணம் கேட்டேன். “ஒண்ணாந்தேதி வந்தா அதே நாலு எஸ்எம்எஸ் வருது சார். கட்டுறேன், கட்டுறேன், ஒண்ணும் குறையல” என்றார். குறைந்துதான் இருந்தது. பாக்கியில் குறைந்தது, பட்டியலில் குறையவில்லை. அந்த மாதம் தீபாவளி வந்தது, கார்டு மறுபடி வெளியே வந்தது.

ஆராய்ச்சியும் இரண்டு பக்கமும் பேசுகிறது. 2011-இல் வெளியான ஒரு ஆய்வில் (டேன் ஏரியலி அதன் ஆசிரியர்களில் ஒருவர்) பங்கேற்றவர்களுக்கு விளையாட்டாகப் பல கடன்களைக் கொடுத்து அடைக்கச் சொன்னார்கள். பெரும்பாலானோர் வட்டியைப் பார்க்காமல் சின்னக் கடன்களை மூடுவதிலேயே குறியாக இருந்து பணத்தை இழந்தார்கள். கடன் தொகையைவிடக் கடன்களின் எண்ணிக்கைதான் அவர்களை உறுத்தியது. அடுத்த வருடமே கேல், மெக்‌ஷேன் என்ற இருவர், நிஜமாகவே கடனில் மாட்டிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் உதவியோடு வெளியே வர முயன்றவர்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். எவ்வளவு தொகை அடைத்தார்கள் என்பது ஒருபுறமிருக்க, எத்தனை கணக்குகளை மூடினார்கள் என்பதை வைத்தே கடைசிவரை போவார்களா என்று கணிக்க முடிந்தது. சின்னக் கடனை மூடியதால்தான் ஜெயித்தார்களா, உறுதியுள்ளவர்கள்தான் மூடினார்களா என்பதை இதில் முழுசாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் என் அனுபவம் அந்தப் பக்கமே சாய்கிறது. சின்ன வெற்றி ஒன்றை வாங்கலாம். அதன் விலையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அந்த விலையில் பைக் மலிவு. வளையல்? கார்டுக்கு முன்னால் வளையலை மீட்டால் 7-ஆம் மாதம் வீட்டுக்கு வரும். கார்டு முடிந்ததும் மீட்டால் 14-ஆம் மாதம். அந்த ஏழு மாதத்துக்கு நீங்கள் கொடுப்பது சுமார் 12,000 ரூபாய். இதை உங்கள் மனைவியிடம் இதே எண்களோடு சொல்லிப் பாருங்கள். “வளையல் பேங்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது, கார்டுதான் நம்மைத் தின்கிறது” என்று காட்டினால் பெரும்பாலும் அவரே முடிவு சொல்லிவிடுவார். நகைக்கடன் ஒரு வருடக் கணக்கில் இருந்தால், கெடு வரும்போது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க மறக்காதீர்கள். மறந்தால் ஏல நோட்டீஸ்வரை போகும்.

ஆக நான் சொல்லும் வரிசை: பைக், கார்டு, வளையல், கடைசியில் பெர்சனல் லோன். பைக் 3-ஆம் மாதம், கார்டு 11, வளையல் 14, எல்லாம் 20-ஆம் மாதம். மொத்த வட்டி சுமார் 57,000. நண்பரின் வழியைவிட 4,000 ரூபாய்க்குள் அதிகம், முடியும் மாதம் ஒன்றே. 10% வளையலை 15% பெர்சனல் லோனுக்கு முன்னால் வைத்தது கணக்குப்படி தப்பு. அதன் விலை ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். கொடுத்துவிட்டுப் போங்கள். பெர்சனல் லோன்களில் பகுதி அசல் கட்ட விடுவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதும் கடனுக்குக் கடன் மாறும். அதுவும் அதைக் கடைசியில் வைக்க ஒரு காரணம்.

பைக் லோன் விஷயத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். அந்த 12% ‘ஃபிளாட்’ வட்டியா? பைக் கடன்களில் அப்படிச் சொல்வது சகஜம். ஃபிளாட் என்றால் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. உண்மையான வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் பைக்கை முதலில் முடிக்க இன்னொரு காரணம் கிடைத்தது. கம்பெனி பகுதிப் பணத்தை வாங்காவிட்டால், ஆறாயிரத்தைத் தனி சேமிப்புக் கணக்கில் இரண்டு மாதம் சேர்த்து, மூன்றாம் மாதம் ஒரேயடியாக முடித்துவிடுங்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் நானூறு, ஐநூறு ஆகலாம். என்ஓசி வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியிலிருந்து கம்பெனி பெயரை நீக்கினால்தான் பைக் முழுசாக உங்களுடையது.

உங்கள் நண்பரும் மச்சானும் சொல்லாத ஒரு வழியும் இருக்கிறது. வளையலின் இன்றைய மதிப்புக்கு பேங்க் இன்னும் கொஞ்சம் கடன் தருமா என்று கேளுங்கள். 90,000 ரூபாய்க்கு கார்டில் மாதம் 3,717 வட்டி. 10% நகைக்கடனில் 750. முழுத்தொகை கிடைக்காவிட்டாலும், கிடைத்த அளவுக்குக் கார்டை அடைப்பது எந்த வரிசையையும்விட அதிகம் மிச்சப்படுத்தும். ஆனால் இதைச் செய்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் கார்டை மறுபடி நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்போது கடனும் இரண்டு, வளையலும் உள்ளே. கார்டைத் தொடாமல் மூன்று மாதம் ஓட்டிக் காட்டிய பிறகு இதைப் பற்றி யோசியுங்கள். வளையல் மனைவியுடையது, அவர் சம்மதித்தால் மட்டும்.

கார்டுக்கு ஆட்டோ டெபிட் பெரும்பாலும் ‘மினிமம்’ அல்லது ‘முழுத்தொகை’ என்றுதான் இருக்கும். மினிமத்தை ஆட்டோவில் விட்டுவிட்டு, மிச்சத்தைச் சம்பளம் வந்த அன்றே நீங்களே கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் பத்து நாள் முன்னால் கட்டினாலும் லாபம். 11-ஆம் மாதம் முழுசாக முடித்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஒரு சின்னத் தொகை வட்டியாக வரும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அது. ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போகாமல், கெடுவுக்குள் அதையும் கட்டிவிட்டு, அதற்கடுத்த ஸ்டேட்மென்ட் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.