அப்பாவே பேசட்டும்

"பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள் நான். தை மாதம் எங்கள் மன்றத்தின் பொங்கல் விழா. மாநகர சபையிலிருந்து ஒருவர், பங்குத் தந்தை, பள்ளி ஆசிரியர்கள், அப்பா வேலை பார்க்கும் வீட்டு சிஞ்ஞோரா என்று இத்தாலியர்கள் இருபது பேர்வரை வருகிறார்கள். அவர்களுக்காக இத்தாலியில் ஒரு சிறிய வரவேற்புரை வேண்டும். மன்றத் தலைவர் என்பதால் அப்பா பேசுவதாக இருந்தது. முப்பது வருடம் இங்கே இருந்தும் அவருடைய இத்தாலி சமையலறை இத்தாலிதான் என்பதால் நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். தமிழின் தொன்மை, பண்பாட்டுப் பரிமாற்றம், ஒருங்கிணைவு எல்லாம் இருக்கிறது. ஆனால் வாசித்துப் பார்த்தால் அரசாங்கக் கடிதம் போல இருக்கிறது. எப்படித் திருத்துவது?"
— வாசகி, பலெர்மோ

"நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், பிள்ளை. அப்பா அதற்கு என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. சொல்லியிருக்கவே மாட்டார். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போயிருப்பார். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பத்து வயதானதும் வங்கியில், மருத்துவமனையில், பள்ளிக் கூட்டத்தில் எல்லாம் பிள்ளையே பேசத் தொடங்கும். தகப்பன் பக்கத்தில் நிற்பார். அது உதவி, அதில் குறை இல்லை. ஆனால் மன்றத் தலைவராக அவர் நிற்க வேண்டிய மேடையிலிருந்தும் அவரை இறக்குவது உதவி அல்ல.

சமையலறை இத்தாலி என்கிறீர்கள். அந்த இத்தாலியில்தான் அவர் வேலை கேட்டார், வீட்டு வாடகை பேசினார், உங்களைப் பள்ளியில் சேர்த்தார். நீங்கள் எழுதிய இரண்டு பக்கம் யாருக்கும் புரியாத கடிதமாக நிற்கிறது, அவருடைய இத்தாலியோ முப்பது வருடமாகப் பலெர்மோக்காரருக்குப் புரிகிறது. வரவேற்புரைக்கு எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் உரையைத் திருத்த வேண்டாம், எடுத்து வையுங்கள். இன்றைக்கே அப்பா முன்னால் தொலைபேசியை வைத்து, "பொங்கல் என்றால் என்ன என்று சிஞ்ஞோராவுக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள் அப்பா" என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் என்ன சொல்வார்? "குச்சினியாமோ இல் ரீசோ கோன் இல் லாத்தே, எ திச்சாமோ கிராத்சியே அல் சோலே." அரிசியைப் பாலில் சமைக்கிறோம், சூரியனுக்கு நன்றி சொல்கிறோம். ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார். பொங்கலே அடுப்பும் பானையும் அரிசியும் பாலும் சேர்ந்த விழாதானே? அதைச் சொல்ல வேண்டிய சொற்கள் முழுவதும் சமையலறையில்தான் இருக்கின்றன, அப்பாவிடம்தான் இருக்கின்றன. உங்கள் ஒருங்கிணைவும் பரிமாற்றமும் அந்த ஒரு வரிக்கு ஈடாகுமா?

பதிவைக் கேட்டு அப்படியே எழுதுங்கள். பிறகு இலக்கணத்தை மட்டும் தொடுங்கள். தமிழில் வளர்ந்த வாய்க்கு இத்தாலியில் இரண்டு இடம் இடறும். ஒன்று, பெயருக்கு முன்னால் வரும் இல், லா, இ போன்ற சிறு சொற்கள் விழுந்துபோகும், அல்லது ஆண்பால் பெண்பால் மாறும். இன்னொன்று, வினை ஆளுக்கேற்ப மாறாமல், அகராதியில் இருப்பதுபோல் அப்படியே நிற்கும். இவற்றைச் சரிசெய்துவிட்டு விலகிவிடுங்கள். அவர் சொன்ன ஒரு சொல்லை எடுத்துவிட்டு அழகான சொல் வைக்கக் கூடாது. நடுவில் ஒரு சிசிலியச் சொல் வந்தாலும் இருக்கட்டும். வருகிறவர்கள் பலெர்மோக்காரர்கள், தங்கள் ஊர்ப் பேச்சு மேடையில் கேட்டால் முகம் மலர்வார்கள்.

அப்பா அதைத் தமிழ் எழுத்தில் எழுதித்தான் வாசிப்பார் என்று நினைக்கிறேன். அங்கேதான் பெரிய சொற்கள் ஆளைக் கவிழ்க்கும். நம் எழுத்தில் ப ஒன்றுதான், த ஒன்றுதான், க ஒன்றுதான். இத்தாலியில் ஒவ்வொன்றுக்கும் வன்மையும் மென்மையும் தனித்தனி எழுத்து. "புவோனசேரா" என்று எழுதியிருந்தாலும் முதலெழுத்தை அவர் சரியாகத்தான் சொல்வார், ஏனென்றால் தினமும் சொல்கிற சொல் அது. எழுத்தைப் பார்த்ததும் காது நினைவுபடுத்திவிடும். ஆனால் அவர் வாழ்க்கையில் சொல்லியிராத "வலோரித்ஸாத்ஸியோனே"யை எழுதிக் கொடுத்தால் காது உதவாது. எழுத்தை எழுத்தாகக் கூட்டுவார், நடுவில் நிற்பார், சபை குனிந்துகொள்ளும். பிறகு "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்பீர்கள். குற்றம் அவர் நாக்கில் இல்லை, அவர் வாய்க்கு வராததை எழுதிக் கொடுத்த கையில் இருக்கிறது.

புதுச் சொல் தவிர்க்க முடியாமல் வந்தால், எந்த அசையை அழுத்த வேண்டுமோ அந்த எழுத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும். "லாம்பதா", "மூசிகா" போல முதலிலேயே விழுகிற சொற்கள்தான் ஏமாற்றும். இரட்டை மெய்யைப் பற்றிக் கவலை வேண்டாம். அன்னம், பத்து, பள்ளம் என்று பேசும் நம் வாய்க்கு அது சுலபம். எழுதும்போது நீங்கள் விட்டுவிடாமல் இருந்தால் போதும்.

இன்னொரு விஷயம், மன்றத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் விழாக்களில் முதலில் விளக்கேற்றம், அப்புறம் அகவணக்கம், அதன் பிறகுதான் வரவேற்புரை. தமிழருக்கு இந்த வரிசை சரி. ஆனால் முதல் கால்மணி நேரம் அந்த விருந்தினர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பார்கள். திடீரென்று எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்பார்கள். இவர்கள் பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இறந்தவர்களுக்காக நிற்கும் அந்த நேரத்தில் இது நடக்கக் கூடாது. ஆகவே இத்தாலி உரையை விளக்கேற்றத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அழைப்பிதழில் ஐந்து மணி என்றால் ஐந்துக்கே தொடங்குங்கள். மாநகர சபைக்காரர் இன்னொரு நிகழ்ச்சிக்கும் போக வேண்டியவராக இருப்பார். அவர் போன பிறகு அவரை வரவேற்றுப் பயனில்லை.

உரை இரண்டு நிமிடம். நிதானமாக வாசிப்பவர் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குமேல் போக மாட்டார், ஆகவே இருநூறு சொல்தான் எல்லை. அப்பாவின் பதிவு கையில் இல்லாததால், அது எந்த உருவத்தில் வந்து நிற்கும் என்பதற்கு மட்டும் ஒன்று எழுதிக் காட்டுகிறேன்.

"புவோனசேரா அ துத்தி, பென்வெனூத்தி. வீவோ அ பலெர்மோ த த்ரெந்தான்னி. ஸ்தசேரா ஃபச்சாமோ லா ஃபெஸ்தா தெல் பொங்கல்." அனைவருக்கும் மாலை வணக்கம், வாருங்கள். முப்பது வருடமாகப் பலெர்மோவில் வாழ்கிறேன். இன்று பொங்கல் விழா கொண்டாடுகிறோம். இதன்பின் மேலே சொன்ன அரிசி, பால், சூரியன் வரி.

அடுத்து: "அதேஸ்ஸோ அச்சென்தியாமோ லா லாம்பதா. தோப்போ, உன் மினூத்தோ இன் பியேதி, இன் சிலேன்ஸியோ, பெர் இ நோஸ்திரி மோர்த்தி." இப்போது விளக்கேற்றுகிறோம், பிறகு எங்கள் இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து மௌனமாக நிற்போம். இந்த வரியை அவர் மிக மெதுவாகச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிற்க வேண்டும்.

பிறகு பிள்ளைகள் ஆடுவார்கள் என்று ஒரு வரி. எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று ஒரு வரி: "அல்லே ஒத்தோ எ மெத்ஸா மன்ஜாமோ துத்தி இன்சியேமே." எட்டரைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். மொழி புரியாத நிகழ்ச்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதல். எது உறைக்கும், எது உறைக்காது என்பதை உரையில் சொல்லாதீர்கள். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள். முந்திரி போட்டதையும் எழுதுங்கள், சிலருக்கு ஒவ்வாது.

ஆசிரியர்களுக்கு: "இ நோஸ்திரி ஃபீல்யி சோனோ நாத்தி குயி. வோய் சியேத்தே இ லோரோ மயேஸ்திரி. கிராத்சியே." எங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், நீங்கள் அவர்களுடைய ஆசிரியர்கள், நன்றி. ஒரு தகப்பன் சொல்ல வேண்டிய வரி இது. உங்கள் வாயில் இது எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொன்மைக்குப் பதிலாக ஒரு வரி வையுங்கள்: "ஆங்கே நோய் சாலியாமோ அ மோந்தே பெல்லெக்ரீனோ, த சாந்தா ரொசாலீயா." நாங்களும் பெல்லெக்ரீனோ மலைக்கு, ரொசாலீயா அம்மாவிடம் ஏறிப் போகிறோம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவர் என்று பலெர்மோ நம்பும் புனிதர் அவர். நம் சைவ வீட்டுக்காரரும் கத்தோலிக்கரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக் குகைக் கோயிலுக்குப் போவது ஊருக்கே தெரியும். தமிழ் இரண்டாயிரம் ஆண்டு பழையது என்று சொன்னால் பினீசியரும் அரேபியரும் ஆண்ட ஊர்க்காரர் மரியாதைக்குத் தலையாட்டுவார். உங்கள் மலையில் நாங்களும் ஏறுகிறோம் என்றால் நிமிர்ந்து உட்காருவார். முடிவில் "வீவா பலெர்மோ எ சாந்தா ரொசாலீயா" என்று அப்பா சொல்லலாம். ஜூலை 14 இரவு விழா ஊர்வலத்தில் மேயர் முழங்கும் வாசகம் அது. சபை தானாகவே திரும்பச் சொல்லும். ஆனால் அப்பா மலைக்குப் போகிறவராக இருந்தால் மட்டும் இவற்றை வையுங்கள். உண்மை இல்லாத பக்தியை மேடையில் சொல்ல வைக்காதீர்கள்.

பெயர்கள் இரண்டே போதும். சபைக்காரரின் பதவிப் பெயரை அவர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பங்குத் தந்தையை "தோன்" என்று முன்னால் வைத்து முதற்பெயரால் அழையுங்கள். மூன்றாவது பெயர் சொன்னால் நான்காமவருக்கு மனத்தாங்கல் வரும். சிஞ்ஞோராவுக்கு மேடையிலிருந்து நன்றி சொல்ல வேண்டாம். அன்றைக்கு அப்பா அந்த வீட்டு வேலைக்காரராக நிற்கவில்லை, ஒரு மன்றத்தின் தலைவராக நிற்கிறார். சிஞ்ஞோராவை முன் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். அப்பா இறங்கி வந்து, பொங்கலை முதலில் அவர் கையில் கொடுக்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பா முடித்ததும் தமிழ் வரவேற்புரையை நீங்கள் பேசுங்கள், தாளைப் பார்க்காமல். அரங்கில் இருக்கும் தாய் தகப்பன்மார் அதற்காகத்தான் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு அலைகிறார்கள். ஆனால் அதற்கு முன் அப்பாவிடம் போய், "நீங்களே பேசுங்கள் அப்பா" என்று சொல்லுங்கள். "வேண்டாம் பிள்ளை, நீயே பேசு" என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். மறுபடியும் கேளுங்கள்.