குடியிருப்பவர் சம்மதிக்காத சோதனை: பழைய வீட்டின் கேஸ் குழாயும் வயரிங்கும்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் அப்பா விட்டுச்சென்ற பழைய வரிசை வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கேஸ் தோம்பு பின்கட்டில் இருக்கிறது, அங்கிருந்து இரும்புக் குழாய் சுவரைத் துளைத்து அடுப்புக்கு வருகிறது. வயரிங்கை மாற்றியதே இல்லை. ஆள் அனுப்பிச் சோதிக்கிறேன் என்றால், “எல்லாம் நல்லாத்தானே இருக்கு தம்பி, இப்ப எதுக்கு?” என்று அந்த அக்கா மறுக்கிறார். ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம்தான். நான் எப்படிக் கேட்பது, என்னதான் சோதிப்பது?

பதில்: முதலில் அந்த ஒரு பக்கத்தை எடுத்து வாசியுங்கள். முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற வரி இருக்கிறதா? இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். இல்லையென்றால் அவர் சம்மதம்தான் வழி. மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதற்குத்தான் கனம் அதிகம். சாவி உங்களிடம் இருக்கிறது என்று அவர் இல்லாத நேரத்தில் ஆளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து வழிக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். வாடகைக் காலம் முடிந்த பிறகுகூட நீதிமன்றம் போகாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்கிறது 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2). இங்கே காலமே முடியவில்லை.

இனி அந்த அக்காவின் பக்கம். சோதனை என்றதும் அவர் காதில் விழுவது வேறு. வீட்டை உடைத்துப் புதுப்பித்து வாடகையை ஏற்றப் போகிறார்களா, செலவை நம் தலையில் கட்டுவார்களா, பின்னால் நாமே போட்டுக்கொண்ட பிளக்குக்குத் திட்டு விழுமா, தெரியாத ஆண்கள் எவ்வளவு நேரம் சமையலறையில் நிற்பார்கள்? இவற்றுக்கு நீங்கள் பதில் சொல்லாதவரை, “பாதுகாப்புக்காகத்தான் அக்கா” என்று எத்தனை முறை சொன்னாலும் நகராது. நேரில் ஒருமுறை பேசிவிட்டு, அப்புறம் வாட்சப்பில் இப்படி எழுதுங்கள்:

“அக்கா, பின்கட்டிலிருந்து வரும் கேஸ் குழாயையும் வீட்டு வயரிங்கையும் சோதிக்க லைசன்ஸ் உள்ள இரண்டு பேரை அழைத்து வருகிறேன். சனிக்கிழமை காலை 9 மணி அல்லது ஞாயிறு மதியம், உங்களுக்கு எது வசதி? மூன்று மணி நேரம் போல ஆகும், நானும் கூடவே இருப்பேன். கொஞ்ச நேரம் கரண்ட் இருக்காது. சோதனைச் செலவும் பழுது பார்க்கும் செலவும் என்னுடையது. நீங்கள் போட்ட பிளக், லைட் எதற்கும் குறை சொல்ல மாட்டேன். இதைக் காரணம் காட்டி வாடகையை ஏற்ற மாட்டேன். முடிவை எழுத்தில் வாங்கி உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறேன்.”

இதில் உங்களால் நிறைவேற்ற முடியாத வரி எதுவும் இருந்தால் அனுப்பும் முன் எடுத்துவிடுங்கள். வாடகையை ஏற்றும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் அதைத் தனியாக, வேறொரு நாளில் பேசுங்கள்.

யாரை அழைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். வயரிங்குக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் அல்லது தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன் வேண்டும். கேஸ் குழாய் அவருடைய வேலை இல்லை. அதற்கு கேஸ் வேலையில் தகுதி பெற்றவர் தனியாக வர வேண்டும். தோம்பு கொண்டுவந்து மாட்டும் கடைப் பையன் ரெகுலேட்டரைச் சரியாகப் பொருத்துவான், ஆனால் சுவருக்குள் போகும் குழாயைச் சோதிக்கும் கருவி அவனிடம் இருக்காது. வருகிற இருவரின் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள், அந்த அக்காவும் பார்க்கட்டும்.

அன்று கேஸ் சோதனைதான் முதலில் நடக்க வேண்டும். மெயின் சுவிட்சை ஏற்றி இறக்கும்போது உள்ளே சிறு பொறி உண்டாகும். கேஸ் கசிந்து தேங்கியிருக்கும் அறையில் அந்தப் பொறியே போதும். நாம் தோம்பில் வாங்கும் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து, அடுப்பு மேடைக்குக் கீழும் அலமாரிக்குள்ளும் தங்கிவிடும். நின்றுகொண்டு சமைப்பவர் மூக்குக்கு அது தாமதமாகத்தான் எட்டும். “எனக்கு வாடையே வரலையே” என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அதனால் கசிவு இல்லை என்று ஆகாது.

உங்கள் வீட்டில் எனக்குக் கவலை தரும் இடம், இரும்புக் குழாய் சுவரைத் துளைக்கும் அந்த அரையடி. உறை போடாமல் சிமெண்டுக்குள் நேராகப் பதித்த குழாயில், பின்கட்டு ஈரம் பூச்சில் ஏறி ஏறித் துரு உள்ளேயே வளரும். வெளியே சாயம் பளிச்சென்று இருக்கும். சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இணைப்புகளுக்கு நல்ல சோதனைதான், ஆனால் சுவருக்குள் நுரை போகாது. அதனால் அழுத்தச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். அடுப்பின் திருகுகளை மூடி, குழாயில் அழுத்தம் ஏற்றி, வழியை அடைத்து, அழுத்தமானியைக் கொஞ்ச நேரம் கவனிப்பார்கள். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் மிகக் குறைவு, நீர் நிரப்பிய U வடிவக் கண்ணாடிக் குழாயான அழுத்தமானியில் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் உயர வித்தியாசம்தான். அந்த நீர்மட்டம் மெல்ல இறங்கினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். உடனே சுவரை உடைக்கத் தேவையில்லை. அடுப்பையும் ரப்பர் குழாயையும் கழற்றிவிட்டு, இரும்புக் குழாயின் முனையை அடைத்து மறுபடி பார்க்க வேண்டும். இப்போது மட்டம் நின்றால் கோளாறு ரப்பர் குழாயிலோ அடுப்பிலோ இருக்கிறது, கொஞ்சம் வெள்ளியில் முடிந்துவிடும். இப்போதும் இறங்கினால் இரும்புக் குழாய்தான்.

இரும்புக் குழாய் போய்விட்டால் அதை ஒட்டுப்போட விடாதீர்கள். அப்படியே கைவிட்டு, கண்ணுக்குத் தெரியும்படி சுவரின் மேல் புதுச் செம்புக் குழாய் போட்டு, சுவரைத் துளைக்கும் இடத்தில் மட்டும் உறைக்குள் விடச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை அந்தக் குடும்பம் எப்படிச் சமைக்கும் என்பதற்கும் அன்றே வழி வேண்டும். ஜன்னல் திறந்திருக்கும் சமையலறை என்றால், தோம்பை உள்ளே வைத்து, புது ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் மாட்டி நேராக அடுப்புக்குக் கொடுக்கலாம். இந்த நாட்டில் பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சோதிக்காத பழைய பிளக்கில் அதை மாட்டினால் ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்த மாதிரி ஆகும்.

அப்புறம் வயரிங். பழைய வீடுகளில் நான் முதலில் தேடுவது எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதைத்தான். சில வீடுகளில் அந்தக் காலத்தில் அதை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் கசியும் மின்சாரமும் மண்ணுக்குப் போய்விடும். பின்னாளில் யாரோ தண்ணீர்க் குழாயை பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள். தண்ணீர் நன்றாக வரும், விளக்கும் எரியும், எர்த் மட்டும் எங்கும் போய்ச் சேராது. வெறுங்காலோடு ஐஸ் பெட்டியையோ துணி துவைக்கும் இயந்திரத்தையோ தொடும்போது சுருக்கென்று இருக்கிறதா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றும், ஆனால் எர்த் இல்லாத வீட்டில் கசிவு வெளியேறத் தொடுபவரின் உடம்புதான் வழி. அவர் தொட்ட பிறகுதான் ஆர்சிசிபி விழும். விழும் அளவும் முக்கியம். பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர், குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் வேண்டும். பல பழைய வீடுகளில் மொத்தத்துக்கும் 100 மில்லி ஆம்பியரில் ஒன்று மட்டும் இருக்கும், அல்லது பியூஸ் தவிர எதுவுமே இருக்காது. இடி மின்னலுக்கு அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டிக் கம்பி இழுத்துவிட்ட வீடுகளும் உண்டு. அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அதை நம்ப முடியாது.

கம்பியின் மேலுறை தேறுமா என்பதைச் சொல்வது இன்சுலேஷன் சோதனை. மெயினை இறக்கி, 500 வோல்ட் கருவியால் அளப்பார்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஏற்கக்கூடாது. அளக்கும் முன் டிவி, ஐஸ் பெட்டி, வைஃபை பெட்டி எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் அளவு பொய்யாக வரும், பொருளும் கெடலாம். அப்படிக் கெட்டால் அந்த அக்கா இனி ஒருபோதும் உங்களை உள்ளே விடமாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு உதாரணம். மொத்த வீட்டையும் அளந்தபோது 0.3 மெகா ஓம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். “எல்லா வயரையும் மாத்தணும்” என்று சிலர் அங்கேயே முடித்துவிடுவார்கள். சம்மதிக்காதீர்கள், ஒவ்வொரு சர்க்கியூட்டையும் தனியாகப் பிரித்து அளக்கச் சொல்லுங்கள். முன் அறை விளக்கு 20, பிளக்குகள் 8, பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை 0.3 என்று வந்தால், கோளாறு அந்த ஒன்றில்தான். கூரைக்கு மேல் எலி கடித்த இடமோ, டேப் சுற்றிவிட்ட பழைய இணைப்போ கிடைக்கும். அந்தச் சர்க்கியூட்டை மட்டும் மாற்றினால் போதும். எல்லாமே 1-க்குக் கீழே வந்தாலோ, மேலுறை தொட்டாலே உதிர்ந்தாலோதான் முழு வயரிங்கும். அது பல நாள் வேலை, அதற்குத் தனியாகத் தேதி பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். முழுதாக மாற்றினால் முடிவில் வயர்மேனிடமிருந்து பாரம் G, பாரம் H என்ற இரண்டு சான்றிதழ்களையும் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லியும் அவர் மறுத்தால், கேட்ட தேதியையும் அவர் சொன்ன பதிலையும் எழுதி வைத்துக்கொண்டு சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அந்த இடைவெளியில் கேஸை மட்டும் பிரித்துக் கேட்டுப் பாருங்கள், அது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, கரண்ட்டை நிறுத்தவும் தேவையில்லை. பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் ஆட்கள் வருவதுதான் தயக்கம் என்றால், அவர் அண்ணனோ மகனோ இருக்கும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், தோம்பை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே போய் 999-க்கு அழைக்க வேண்டும் என்பதை மட்டும் இன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதம் தேவையில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இந்த வரியைச் சேருங்கள்: “கேஸ், மின்சாரப் பாதுகாப்புச் சோதனைக்காக, 7 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, குடியிருப்பவருக்கு வசதியான பகல் நேரத்தில், தகுதி பெற்றவருடன் வீட்டுக்காரர் உள்ளே வரலாம். செலவு வீட்டுக்காரருடையது.”