"பொறுமை இருக்கா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்

*தலவாக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். பின்னேரம் நாலரைக்குத் திறந்து எட்டு மணிக்கு மூடுவது. வரவேற்பில் இருந்த பிள்ளை கலியாணம் முடித்துப் போய்விட்டாள். புதிதாக மூன்று பேரைக் கூப்பிட்டு, பொறுமை இருக்கிறதா, இரகசியம் காப்பாற்றுவீர்களா, கூட்டத்தைச் சமாளிப்பீர்களா என்று கேட்டேன். மூவரும் "ஓம் டொக்டர்" என்றார்கள். இனி என்ன கேட்டு ஒருவரைத் தெரிவு செய்வது?*
*– ஒரு பெண் மருத்துவர்*

டொக்டர், அந்த மூன்று பேரையும் இன்னொரு தடவை கூப்பிடுங்கள். இந்த முறை குணத்தைப் பற்றிக் கேட்காமல் சம்பவத்தைச் சொல்லி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஹட்டனில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் 22 வருடம் இருந்தவள் நான். எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளைத் தெரிவு செய்ததும் இப்படித்தான்.

முதலில் இரகசியம். தோட்டப் பக்கத்தில் கஷ்டமான விஷயம் அதுதான். உங்கள் முன்மேசைப் பிள்ளையும் ஏதோ ஒரு லயத்திலிருந்துதான் வரப்போகிறாள். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவளுக்கு மாமி, சித்தி, கூடப் படித்தவள். அவளிடம் இப்படிக் கேளுங்கள்: "கங்காணி போன் எடுக்கிறார். 'நேத்து எங்க மலையில வேலை செய்ற பொம்பள ஒருத்தி மெடிக்கல் காட்டி லீவு போட்டிருக்கா. நெசமாவே வந்தாளா? என்ன வருத்தம்?' என்கிறார். என்ன சொல்வீர்கள்?"

வம்புக்காகச் சொல்லும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது லேசு. இரக்கப்பட்டுச் சொல்லும் பிள்ளைதான் கவனத்துக்குத் தப்புவாள். "ஐயோ, அவங்க வந்தாங்க ஐயா, சும்மா காய்ச்சல்தான்" என்பாள். அந்தப் பெண்ணின் சம்பளத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பாள். ஆனால் வந்ததையும் சொல்லிவிட்டாள், வருத்தத்தையும் சொல்லிவிட்டாள். நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றி அதே கங்காணி கேட்கும்போது இவள் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே ஒரு பதிலாகிவிடும். சரியான பதில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: "யார் வந்தாங்க, வரலைனு போன்ல சொல்ல மாட்டோம் ஐயா. மெடிக்கல்ல சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க, டொக்டர்கிட்ட குடுக்கிறேன்." இதே வாக்கியம் மனைவியின் ரிப்போர்ட்டைக் கேட்கும் புருஷனுக்கும் பொருந்துகிறதா என்று அடுத்துக் கேளுங்கள். பலர் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். "அவரு புருஷன்தானே" என்பார்கள்.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வந்த ஒரு பிள்ளையிடம், "தங்கச்சி, ரிப்போர்ட் நல்லது, பயப்பட ஒண்ணுமில்ல" என்று வரிசைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். கலியாணமாகாத பிள்ளை. என்ன பரிசோதனை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளை அப்புறம் எங்கள் கிளினிக்குக்கு வரவே இல்லை.

நேரடியாகக் கேட்காமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. "முன்பு வேலை செய்த இடத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருந்த ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, சும்மா இருங்கள். பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் சேர்த்துக் கதை சொல்கிறாளா, "ஒரு வயசான ஐயா" என்று நிறுத்திக்கொள்கிறாளா என்பதைக் கவனியுங்கள். உங்களிடம் பெயர் சொல்பவள் உங்கள் நோயாளியின் பெயரையும் வேறெங்கோ சொல்வாள். இந்தக் கேள்விக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண் போடுவேன்.

இதில் உங்கள் பங்கும் இருக்கிறது. பதிவுக் கொப்பி மேசையில் விரித்தபடி கிடந்தால் எந்தப் பிள்ளையும் காப்பாற்ற முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், உடல்நலத் தகவல் விசேட கவனம் தேவைப்படும் வகைக்குள் வருகிறது. அவளை நியமிக்கும்போதே இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முன்மேசையில் பெயர், வயது, நம்பர் போதும். "என்ன வருத்தம்?" என்பது உங்கள் அறைக்குள் கேட்கும் கேள்வி.

ஆனால் வருத்தத்தைக் கேட்காத பிள்ளைக்கு ஆபத்தைப் பார்க்கும் கண் வேண்டும். கூட்டத்தைப் பற்றிய கேள்வி அதுதான். இப்படி வைத்துக்கொள்வோம்: மாலை ஆறரை, இருபது பேர் காத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் மூவர் மேசைக்கு வருகிறார்கள். மலையில் குளவி கொட்டிய ஒருவர். உதடு வீங்கியிருக்கிறது, குரல் கரகரக்கிறது. பிரஷர் மாத்திரைக்கு வந்த பாட்டி ஒருவர். அவருக்குக் கடைசி பஸ் போய்விடும். டவுன் கடை முதலாளி ஒருவர். "ஒரு கையெழுத்து மட்டும்தான்" என்கிறார். யார் முதலில்?

குளவி கொட்டியவர் என்று மூவருமே சொல்லக்கூடும். ஏன் என்று கேளுங்கள். "பாவம், வலிக்கும்" என்றால் பாதி மதிப்பெண். உதடு வீங்குவதும், குரல் மாறுவதும், மூச்சு முட்டுவதும் நிமிடக் கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமையின் அடையாளங்கள். இது தெரியாவிட்டால் பரவாயில்லை, சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவுடனே எழுந்து உங்கள் கதவைத் தட்டும் துணிச்சல் அவளுக்கு இருக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது தட்டலாமா என்று அவள் உங்களிடம் திருப்பிக் கேட்டால் சந்தோஷப்படுங்கள். தட்டலாம், ஆனால் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அப்புறம் வரிசையைப் பார்த்து, "அவருக்கு அவசரம், பத்து நிமிஷம் பிந்தும்" என்று ஒரு வரி சொன்னால் போதும். பாட்டியின் பிரச்சினையை வரிசையிடமே கேட்டுத் தீர்க்கலாம்: "கடைசி பஸ்ஸுக்கு இவங்கள முன்னால விடலாமா?" யாராவது ஒருவர் கட்டாயம் விடுவார். முதலாளிக்கு நம்பர் துண்டுதான்.

பொறுமைக்கு நீளமான சோதனை தேவையில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஒருவர் ஐந்தாவது தடவை கேட்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். "கொஞ்சம் இருங்க" என்பது இனிமையான குரலில் வந்தாலும் ஆறாவது தடவையைக் கொண்டுவரும். "உங்களுக்கு முன்னால ஆறு பேர், ஏழேகாலாகும், போய் பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க" என்பவளை எடுங்கள். சிங்கள நோயாளிக்கும் இதே வரியைச் சிங்களத்தில் சொல்ல முடிகிறதா என்று அந்த இடத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஏழு நிமிடம் என்றால் நாலரையிலிருந்து எட்டு மணிக்குள் 30 பேரைத்தான் பார்க்கலாம். 45 துண்டு கொடுத்தால் கடைசி ஆள் வெளியே வரும்போது ஒன்பதே முக்காலாகிவிடும். அந்தக் கோபத்தைத் தாங்கும் பொறுமைசாலி யாரும் பிறக்கவில்லை. 26 துண்டு கொடுங்கள், நான்கு இடத்தை அவசரத்துக்கு விடுங்கள். துண்டிலேயே வரவேண்டிய நேரத்தையும் எழுதுங்கள். ஒரே ஆள் லயத்துக்கே சேர்த்து ஐந்து துண்டு வாங்கிப் போவதையும் நிறுத்துங்கள்.

கலியாணத் திட்டத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முந்திய பிள்ளை போனதற்கு இந்தப் பிள்ளை பொறுப்பில்லை. ஒரே ஆளை வேலைக்கு வைத்தாலும் அவளுக்கு ஈ.பி.எஃப். 12 வீதமும் ஈ.டி.எஃப். 3 வீதமும் நீங்கள் கட்ட வேண்டும். அதைச் சரியாகக் கட்டினாலே பலர் நின்றுவிடுவார்கள்.

மூவரில் இருவர் சமமாக வந்தால் ஆளுக்கு ஒரு பின்னேரம் உட்கார வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் சம்பளம் போட்டதற்கு அடுத்த நாட்கள் நல்லது, கூட்டம் தாங்காது. அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். துண்டு கொடுக்கும் வேலையை மட்டும் அவளிடம் விடுங்கள். பதிவுக் கொப்பி அன்றைக்கு உங்கள் லாச்சியிலேயே இருக்கட்டும்.