சிகரெட்டை விட்ட மூன்றாம் நாள்: சொல்லிக்கொள்ளச் சில வரிகள்

கேள்வி: சிகரெட்டை விட்டு இன்று மூன்றாம் நாள். கை நடுங்குகிறது. ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்கிறார்களே, அந்த நேரத்தில் எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது?

‘இதுதான் உச்சம்.’ இதை முதலில் சொல்லிக்கொள்ளுங்கள். நிகோடின் இல்லாத எரிச்சலும் தவிப்பும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில் ஏறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும்.

‘இந்த டீ முடியும்வரை வேண்டாம்.’ ஒவ்வொரு உந்துதலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். டீக்கடையில் பக்கத்தில் ஒருவர் பற்றவைக்கும்போது ‘இனி வாழ்நாளில் தொடமாட்டேன்’ என்ற சபதம் தாங்காது. கிளாஸ் காலியாகும்வரை என்றால் தாங்கும். கிளாஸை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி நில்லுங்கள்.

‘இன்று டீ பாதிதான்.’ இது பலருக்குத் தெரிவதில்லை. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமான நான்கு டீயே உடலில் அதிக நேரம் தங்கிப் படபடப்பைக் கூட்டும். உங்கள் கைநடுக்கத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

தவறி ஒன்றைப் பிடித்துவிட்டால், ‘ஒன்று ஒன்றுதான், பாக்கெட் அல்ல.’ மீதியைக் கசக்கி எறியுங்கள். நாளைக் காலைவரை காத்திராமல் அந்த நிமிடத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் இந்திய அரசின் இலவச உதவி எண் 1800-112-356.