குழுவில் காலை வணக்கம் போட்டால் யாரும் பதில் போடுவதில்லை

"திருப்பூர் பனியன் கம்பெனியில் 14 பேர் டீமுக்கு மேனேஜர். தினமும் குட்மார்னிங் படம் போடுகிறேன், ஒருவரும் பேசுவதில்லை. எப்படி ஆரம்பித்து எப்படி முடிப்பது?"

படத்தை நிறுத்துங்க. வணக்கத்தையும் வேலையையும் ஒரே செய்தியில் போடுங்க:

"வணக்கங்க. டையிங்கில் இருந்து 2 லாட் வருது. 3 மணிக்குள்ள ஷேடு பார்த்துச் சொல்லிடுங்க."

வெறும் வணக்கத்துக்குப் பதில் போட்டால் 14 பேருக்கும் போன் அடிக்கும். அதனால்தான் பேசாமல் இருக்கிறார்கள், உங்கள் மேல் கோபம் இருக்காது.

சாயங்காலம், "இன்னைக்கு இவ்வளவுதாங்க. கட்டிங்கில் ஓட்டை விழுந்த ரோலைத் தனியா எடுத்து வெச்சது நல்லதாப் போச்சு. மீதி காலையில் பேசிக்கலாம்" என்று முடிக்கலாம். வெறும் 'நன்றி'யைவிட அந்த ரோல் விஷயம்தான் மனதில் நிற்கும்.

போன வாரச் செய்திகளை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்க. முடித்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு "அப்புறம் இன்னொன்னு" என்று எத்தனை முறை வந்திருக்கிறீர்கள்? என் பழைய மேனேஜர் அப்படித்தான். அவர் 'குட்நைட்' போட்டாலே வயிற்றைக் கலக்கும்.

ஒன்று மட்டும்: நேரில் சின்னப் பையனைக் 'கண்ணு' என்று கூப்பிடுவது நம் பக்கம் சகஜம். குழுவில் வேண்டாம், மற்றவர்களுக்கு ஓரவஞ்சனையாகத் தெரியும். எல்லோருக்கும் ஒரே 'ங்க' போதும்.